“ஆர் நிக்கிறது?” வட்ஸ்அப் பேச்சிலிருந்து முறைப்பட்டியலுக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“டொக்டர்தானே, சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்” என்று சங்கத்தார் கேட்டார்கள். சீனி வியாதி, பிரஷர் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று பேசப் போவது மருந்தைப் பற்றி அல்ல. வீட்டில் ஒருவரை வார்ட்டில் சேர்த்ததும் அன்றிரவே ஒரு வட்ஸ்அப் குழு தொடங்குகிறது. அதில் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் கட்டிலருகே ஆளில்லை. இது ஏன் நடக்கிறது, அந்தப் பேச்சிலிருந்து ஒரு தெளிவான முறைப்பட்டியலை எப்படி எடுப்பது என்பதுதான் என் விடயம். இங்கிருப்பவர்களில் பாதிப் பேர் இப்போது இப்படியொரு குழுவில் இருப்பீர்கள். மற்றப் பாதிப் பேர் இனிமேல் இருப்பீர்கள்.

ஆட்கள் குறைவு என்பதால் மட்டும் இது நடப்பதில்லை. குழுவில் எழுதப்படுவது எல்லாம் யார் என்ன செய்வார்கள் என்பது பற்றியே. யாருமே எடுக்காத நேரத்தைப் பற்றி எழுத ஆளில்லை. ஆகவே பேச்சு எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவுக்கு எல்லாம் ஒழுங்காகிவிட்டது போல ஒரு நிம்மதி வருகிறது. எங்கள் பள்ளிக்கூட நேரசூசியை நினைத்துப் பாருங்கள். அதில் கட்டங்கள் முதலிலேயே கோடு போட்டு இருக்கும், பாடம் பிறகுதான் வரும். அதனால் வெறுமையான கட்டம் கண்ணில் குத்தும். வட்ஸ்அப்பில் கட்டமே இல்லை. முறைப்பட்டியல் எழுதுவதென்றால் முதலில் கட்டத்தைப் போடுவது. பெயர்கள் அதற்குப் பிறகு.

ஒரு உதாரணத்தோடு போவோம். இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. பல குடும்பங்களில் நான் கண்டதைச் சேர்த்துச் செய்தது. 78 வயது அம்மா ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பெண்கள் வார்ட்டில் இருக்கிறார். வியாழக்கிழமை ஒப்பரேஷன். மூத்த மகள் கொட்டாஞ்சேனையில், இரண்டாவது மகள் வெள்ளவத்தையில், மகன் மனைவியோடு வத்தளையில், கடைசி மகள் ரொறன்ரோவில். மூத்த மகளின் பிள்ளை, அதாவது பேத்தி, கம்பஸில் படிக்கிறாள்.

முதல் வேலை, வார்ட்டின் விதிகளைக் கேட்டறிவது. இதை வட்ஸ்அப்பில் கேட்கக் கூடாது, வார்ட் சிஸ்டரிடம் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், ஒரே ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு வார்ட்டிலும் விதி வேறுபடும். நம் உதாரண வார்ட்டில் துணைக்கு நிற்க ஒருவருக்கு மட்டும் துண்டு கொடுப்பார்கள், அவர் பெண்ணாக இருக்க வேண்டும். பார்வையாளர் நேரம் காலை 6 முதல் 7, மதியம் 12 முதல் 1, மாலை 5 முதல் 6. இந்த நேரங்களில்தான் ஆள் மாறலாம். இடையில் வந்தால் கேற்றில் விட மாட்டார்கள்.

இந்த விதியே கட்டத்தைப் போட்டுத் தருகிறது. ஆள் மாறக்கூடிய நேரத்தில்தான் ஒரு முறை முடிய வேண்டும். ஆகவே ஒரு நாளுக்கு மூன்று முறை: காலை 6.30 முதல் 12.30 வரை, 12.30 முதல் மாலை 5.30 வரை, 5.30 முதல் மறுநாள் காலை 6.30 வரை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்கு ஒன்பது கட்டங்கள். ஒரு தாளில் இந்த ஒன்பதையும் வெறுமையாக எழுதிவிட்டுத்தான் குழுவைத் திறக்க வேண்டும்.

இனிக் குழுவைப் பார்ப்போம். புதன் பின்னேரத்திலிருந்து வியாழன் விடியும் வரை வந்த செய்திகளில், நலம் விசாரிப்பையும் சாமி படங்களையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை மகள்: “வியாழன் இரவு நான் நிக்கிறன். வெள்ளி காலமை ஆராவது வாங்கோ.” இதற்கு மூன்று பெருவிரல், ஒரு இதயம், ஒரு “பாப்பம்”.

வத்தளை மருமகள்: “வெள்ளி மத்தியானம் மாமிக்குச் சாப்பாடு கொண்டு வாறன். பின்னேரம் ஆள் மாறும் வரை நிப்பன்.”

வெள்ளவத்தை மகள்: “வெள்ளி இரவு நான். சனிக்கு லீவு போட்டிட்டன்.”

பேத்தி: “சனிக்கிழமை நான் நிக்கிறன்.”

மகன்: “சனி இரவுக்கு அக்கா நிப்பா. ஞாயிறு நான் முழுக்க ஃப்ரீ.”

வத்தளை மருமகள்: “ஞாயிறு பூசை முடிய வாறன்.”

ரொறன்ரோ மகள்: “நாளைக்கு டொக்டர் வரேக்கை ஆராவது எனக்கு வீடியோ போடுங்கோ.”

வாசித்தால் மூன்று நாளும் நிரம்பியது போலத்தானே இருக்கிறது? இப்போது ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு கட்டத்தை “உறுதி” என்று எழுத நான் மூன்றைப் பார்க்கிறேன். நிற்பவர் தானே சொல்லியிருக்க வேண்டும். எந்த நாள், எந்த முறை என்பது தெரிய வேண்டும். அவர் அந்த வார்ட்டில் நிற்க அனுமதி உள்ளவராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது “கேட்க வேண்டும்”. எவருமே சொல்லாதது “வெற்று”. பட்டியலில் இந்த மூன்று சொற்களைத் தவிர வேறு சொல் வேண்டாம்.

வெள்ளி காலைக்கு அழைப்பு விடப்பட்டது, மூன்று பெருவிரல் வந்தது. பெருவிரல் என்றால் “வாசித்தேன்” என்றுதான் பொருள், “வருகிறேன்” என்றல்ல. “பாப்பம்” என்பதற்கு நம்மிடையே என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் இருக்க நாம் வைத்திருக்கும் மரியாதையான சொல் அது. வெள்ளி காலை வெற்று.

வெள்ளி பிற்பகல் வத்தளை மருமகள், வெள்ளி இரவு வெள்ளவத்தை மகள். இருவரும் தாங்களே சொன்னார்கள், நேரமும் தெளிவு. இரண்டும் உறுதி.

“சனிக்கிழமை நான் நிக்கிறன்” என்ற பேத்தியின் செய்தியில் இரண்டு கட்டங்கள் அடங்கியிருக்கின்றன, அல்லது ஒன்று, அல்லது இரவோடு சேர்த்து மூன்று. சனி காலையும் பிற்பகலும் கேட்க வேண்டும்.

சனி இரவுக்கு “அக்கா நிப்பா” என்று தம்பி எழுதுகிறார். அவருக்கு இங்கே இரண்டு அக்காமார். மூத்தவர் வாசிக்கும்போது அது தங்கை என்று நினைப்பார், தங்கை அது பெரியக்கா என்று நினைப்பார். இருவரும் பேசாமல் இருப்பார்கள். அதைவிட, சொன்னவர் நிற்பவர் அல்ல. கேட்க வேண்டும். உறவுமுறைச் சொற்கள் எழுதுபவரைப் பொறுத்து ஆள் மாறும். அம்மாவின் “அக்கா” பிள்ளைக்குப் பெரியம்மா. ஆகவே பட்டியலில் எப்போதும் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.

மகன் ஞாயிறு முழுக்க வரத் தயார். ஆனால் அது பெண்கள் வார்ட்டு, அவருக்குத் துண்டு கிடைக்காது. அவரைக் கட்டிலருகே போட்டால் நிரம்பாத கட்டம் நிரம்பியது போலத் தெரியும். அவருக்கு “வெளிவேலை” என்று பட்டியலின் கீழே தனி வரி வேண்டும். பாமசி, பரிசோதனை அறிக்கைகள், இரவு ஆளை ஏற்றி இறக்குவது, பார்வையாளர் நேரத்தில் சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். அதுவும் உண்மையான வேலைதான்.

“பூசை முடிய வாறன்” என்றால் எத்தனை மணி? ஒன்பதரைக்கு வந்தால் கேற்றில் விட மாட்டார்கள், 12 மணிவரை வெளியே நிற்க வேண்டும். ஆகவே ஞாயிறு காலை வெற்று, ஞாயிறு பிற்பகல் கேட்க வேண்டும். ஞாயிறு இரவைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதுவும் வெற்று.

ஒன்பது கட்டங்களில் இரண்டு உறுதி, நான்கு கேட்க வேண்டியது, மூன்று வெற்று. எல்லாம் சரி என்று குடும்பம் நித்திரைக்குப் போன இரவின் உண்மையான நிலை இதுதான்.

ரொறன்ரோ மகளின் “நாளைக்கு” தனிக் கதை. அவர் அதை அனுப்பியது அங்கே புதன் பிற்பகல் 3.10க்கு. கோடைகாலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. ஆகவே இங்கே கைபேசியில் அது வியாழன் அதிகாலை 12.40 என்று விழுகிறது. அவருடைய நாளை வியாழன். காலையில் எழுந்து வாசிக்கும் நமக்கு நாளை வெள்ளி. வட்ஸ்அப் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தையே காட்டுவதால் இந்தப் பிழையை இருவருமே காண மாட்டார்கள். பட்டியலில் இன்று, நாளை என்ற சொற்கள் வரவே கூடாது. கிழமை, திகதி, கொழும்பு நேரம் மூன்றும் வேண்டும். அதேபோல “சனி இரவு” என்று மட்டும் எழுதாமல் “சனி மாலை 5.30 முதல் ஞாயிறு காலை 6.30 வரை” என்று இரு முனையையும் எழுதினால், நடுச்சாமத்துக்குப் பிறகு எந்த நாள் என்ற குழப்பம் வராது.

அடுத்தது கேட்பது. குழுவில் “யார் யார் வருகிறீர்கள், உறுதிப்படுத்துங்கள்” என்று போட்டால் மறுபடியும் பெருவிரல்தான் வரும். ஒருவருக்கு ஒரு கேள்வி, தனியாக, ஓம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேட்க வேண்டும். பேத்தியிடம், “சனி காலை 6.30 முதல் மாலை 5.30 வரை முழுவதும் நிற்பாயா பிள்ளை?” என்று கேட்டால், மூன்று மணிக்கு வகுப்பு இருப்பதாகச் சொல்கிறாள். மூன்று மணிக்கு ஆள் மாற முடியாது. ஆகவே அவள் காலை முறைக்கு உறுதி, பிற்பகல் வெற்று. பெரிய அக்காவிடம் கேட்டால், “என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே! சரி, சனி இரவு நான் நிக்கிறன்” என்கிறார். மருமகள் ஞாயிறு 12.30 முதல் 5.30 வரை உறுதி.

இப்போது உறுதி ஐந்து, வெற்று நான்கு. கேட்டதற்குப் பிறகு வெற்று ஒன்று கூடியிருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து, “பேத்தி சமாளிப்பாள்” என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். அந்த வெற்றிடம் முன்பும் இருந்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது.

நான்கு வெற்றிடங்களும் ஒரே அளவு பாரமானவை அல்ல. இங்கேதான் வைத்தியராக நான் சொல்ல வேண்டியது வருகிறது. இடுப்பு எலும்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம் வருவது சாதாரணம். நாங்கள் டெலிரியம் என்போம். பகலில் தெளிவாகக் கதைத்தவர் இருட்டியதும் இடம் தெரியாமல் தடுமாறுவார், குழாய்களைப் பிடுங்குவார், வீட்டுக்குப் போகவென்று கட்டிலை விட்டு இறங்குவார். பழகிய முகமும் பழகிய குரலும் அந்த நேரத்தில் பெரிய துணை. ஆகவே முதல் நாட்களின் இரவுகளை வெறுமையாக விடக் கூடாது. இரண்டாவது, ஒப்பரேஷனுக்கு மறுநாள் காலை. அப்போதுதான் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வருவார், பிசியோதெரபிஸ்ட் முதல் தடவையாக எழுப்பி இருத்தி, நிற்கப் பழக்குவார். என்ன சொன்னார்கள் என்று கேட்க ஆள் வேண்டும். மூன்றாவது, சாப்பாட்டு நேரங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணிவரை, அம்மா அமைதியாக இருக்கிறார் என்றால், ஓரளவு பாரம் குறைந்த நேரம்.

இந்தக் கணக்கில் வெள்ளி காலையும் ஞாயிறு இரவும் முதலில் நிரம்ப வேண்டும். வெள்ளி காலைக்குப் புதிய ஆள் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளி பிற்பகலுக்கு வரும் மருமகள் காலை 6.30க்கே வர முடியுமா என்று கேட்கலாம். அவர் சம்மதித்தால் வெற்றிடம் காலையிலிருந்து பிற்பகலுக்கு நகர்கிறது. மதியச் சாப்பாட்டை மகன் பார்வையாளர் நேரத்தில் கொண்டு வந்து கொடுக்கிறார். அவர் ஒரு மணிக்குப் போக, வெள்ளவத்தை மகள் ஐந்துக்கு வர, தனிமை ஒன்று முதல் ஐந்து வரை மட்டும். வெற்றிடத்தை நிரப்ப முடியாதபோது அதைப் பாரம் குறைந்த நேரத்துக்குத் தள்ளுவதும் ஒரு வழி.

ஞாயிறு இரவுக்குச் சம்பளத்துக்கு வரும் துணையாளர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம். கொழும்பில் அப்படி ஆட்களை அனுப்பும் இடங்கள் உண்டு. இதை வியாழனே தொடங்கினால் நல்ல ஆளை விசாரித்து எடுக்கலாம், வார்ட் சிஸ்டரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்கலாம். ஞாயிறு பின்னேரம் தொடங்கினால் கிடைத்தவர்தான். செலவை ரொறன்ரோ மகள் ஏற்கிறார். தூரத்தில் இருப்பவர்கள் “நாங்கள் என்ன செய்வது” என்று தவிப்பதற்கும் இங்கே ஒரு கட்டம் கிடைத்துவிட்டது. வெள்ளி காலை டொக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளையும் அவர் முதல்நாளே எழுதி அனுப்பினால், நிற்பவர் கேட்டுப் பதிலைக் குறித்துப் போடலாம். அந்த நேரம் அங்கே நடுச்சாமம், வீடியோவுக்காக விழித்திருக்கவும் வேண்டியதில்லை.

வெற்றிடங்களைப் பார்த்த வெள்ளவத்தை மகள், “ஞாயிறு காலமை நான் வாறன்” என்று தானே எழுதினார். வெறுமை தெரிந்தால் ஆட்கள் முன்வருகிறார்கள். ஆனால் அவர் சனிக்குப் போட்ட லீவைப் பிடித்துச் சனி பிற்பகலையும் அவர் தலையில் கட்டக் கூடாது. பதின்மூன்று மணித்தியாலம் விழித்திருந்தவர் நித்திரை கொள்ளவே அந்த லீவு.

கடைசியில் குழுவில் போடும் பட்டியல் இப்படி இருக்கும். உங்கள் பட்டியலில் உறவுக்குப் பதில் பெயரும், கிழமையோடு திகதியும் இருக்கட்டும்.

வியாழன் மாலை 6.00 நிலவரம் (கொழும்பு நேரம்)
வெள்ளி 6.30–12.30: வத்தளை மருமகள், உறுதி
வெள்ளி 12.30–5.30: வெற்று (மகன் 1 மணிவரை)
வெள்ளி 5.30–சனி 6.30: வெள்ளவத்தை மகள், உறுதி
சனி 6.30–12.30: பேத்தி, உறுதி
சனி 12.30–5.30: வெற்று (மகன் 1 மணிவரை)
சனி 5.30–ஞாயிறு 6.30: கொட்டாஞ்சேனை மகள், உறுதி
ஞாயிறு 6.30–12.30: வெள்ளவத்தை மகள், உறுதி
ஞாயிறு 12.30–5.30: வத்தளை மருமகள், உறுதி
ஞாயிறு 5.30–திங்கள் 6.30: சம்பளத் துணையாளர், உறுதி
வெளிவேலை: மகன்

நாற்பது ஐம்பது செய்திகள் பத்துப் பன்னிரண்டு வரியாகிவிட்டன. தலைப்பில் உள்ள “நிலவரம்” என்ற நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஏதாவது மாறினால் “சனி மட்டும் மாற்றம்” என்று துண்டாக எழுதாமல், முழுப் பட்டியலையும் புதிய நேரத்தோடு மறுபடி போட்டு, பழையதை அழித்து, புதியதைக் குழுவின் மேலே குத்தி வைக்க வேண்டும். இரண்டு பட்டியல் உலாவினால் ஒருவர் பழையதைப் பார்த்து வீட்டில் இருப்பார். எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும். அவர் இரவில் நிற்பவராக இல்லாவிட்டால் நல்லது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இது பொருத்தமான வேலை, நாம் உறங்கும்போது அவர் விழித்திருக்கிறார்.

மிஞ்சிய இரண்டு வெற்றிடங்களை மறைக்காமல் வார்ட்டில் சொல்லிவிடுங்கள். “மிஸ், இன்றைக்கு ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அம்மாவோடு ஆள் இல்லை. நேற்றிரவு கொஞ்சம் தடுமாறினவ” என்று ஒரு வசனம், ஒரு தாளில் ஒரு தொலைபேசி இலக்கம். மூக்குக்கண்ணாடி, தண்ணீர், கூப்பிடும் மணி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். தாதியர் பல கட்டில்களைப் பார்க்க வேண்டியவர்கள். எந்தக் கட்டிலில் எப்போது ஆளில்லை என்று தெரிந்தால், போகிற வழியில் ஒரு பார்வை அங்கே விழும். குடும்பம் இருக்கிறது என்று அவர்களும், தாதி இருக்கிறார் என்று குடும்பமும் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பல முதியவர்கள் தனியே இறங்க முயன்று மறுபடி விழுகிறார்கள்.

இப்படி ஒரு பட்டியல் எழுத அரை மணித்தியாலம் போதும், கேட்டு உறுதிப்படுத்த இன்னொரு மணித்தியாலம். அடுத்த முறை உங்கள் குழுவில் “ஆர் நிக்கிறது?” என்று யாராவது கேட்கும்போது, பதில் எழுதுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கட்டத்தைப் போடுங்கள்.